எறும்பு மாட்டேன் என்ற சனிக்கிழமை

என்னால் ஒரு கதையை முடிக்க முடியவில்லை. எழுதத் தொடங்கி முடிக்காமல் விடுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. நான் அந்த ரகம் இல்லை. வாயால் சொல்லத் தொடங்கிய கதை. நாலு மணிக்குத் தொடங்கி நாலு நாற்பதுக்கு முடிய வேண்டியது. ஆறு பத்துக்கு முடிந்தது. அதையும் நான் முடிக்கவில்லை.

நான் முப்பது வருடமாக டைரி எழுதுகிறவன். மைசூரில் ஒரு மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் வேலை. நோயாளிகளின் கோப்புகளை எண் வரிசையில் அடுக்கி வைப்பதும், டாக்டர்கள் அந்த வரிசையைக் கலைக்காமல் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. வீட்டிலும் அப்படித்தான். மசாலா டப்பாக்கள் அகர வரிசையில் இருக்கும். (கடுகுக்குப் பக்கத்தில் ஏன் கசகசா இல்லை என்று நான் கேட்ட நாளில் மனைவி என்னை அடுக்களையிலிருந்து நிரந்தரமாக வெளியேற்றினாள்.) இப்படிப்பட்டவன் முப்பத்தொரு குழந்தைகளுக்கு முன்னால் நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்போது எனக்கு நாற்பத்தொன்பது வயது. தெரியாமல் போவதற்கான வயதும் இல்லை.

மனைவியின் பெயர் ரெஜினா. எங்கள் பகுதியில் ஒரு அறக்கட்டளை நடத்தும் சின்ன நூலகத்தில் குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். அங்கே சனிக்கிழமைகளில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கதை நேரம் உண்டு. மாதத்தின் கடைசி சனிக்கிழமையைத் தமிழுக்கு என்று கேட்டு வாங்கியவள் ரெஜினாதான். இங்கே நம் வீட்டுப் பிள்ளைகள் தமிழில் திட்டு வாங்குவார்கள், கன்னடத்தில் பதில் சொல்வார்கள். மாதம் ஒரு நாளாவது தமிழில் சிரிக்கட்டுமே என்பது அவள் வாதம். எட்டு மாதம் நடந்த பிறகு, தமிழ்க் கதை நேரத்தைத் தொடர்வதா, அந்த நேரத்தைக் கணினி வகுப்புக்குக் கொடுப்பதா என்று ஒரு கேள்வி எழுந்தது. நூலகத்தின் செயலாளர் ஒரு சனிக்கிழமை நேரில் வந்து பார்த்து முடிவு செய்வார் என்று சொன்னார்கள்.

அந்த சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால் ரெஜினாவின் குரல் போய்விட்டது.

ஜலதோஷம்தான் காரணம். தொண்டை டாக்டர் ஒரு வாரம் பேசக் கூடாது என்றார். கிசுகிசுப்பது அதைவிட மோசம், அதையும் செய்யக் கூடாது என்றார். ரெஜினா ஒரு சிலேட்டை எடுத்துக்கொண்டாள். தேதியைத் தள்ளிப்போடலாம் என்று சிலேட்டில் எழுதினாள். செயலாளருக்கு மறுபடி நேரம் கிடைக்க மாதங்கள் ஆகும், அதற்குள் கணினிகள் வந்து இறங்கிவிடும் என்று நான் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"கதைதானே. நான் சொல்றேன்" என்றேன்.

ரெஜினா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிலேட்டைத் துடைத்து வைத்தாள்.

கதை, ராமாபுரத்திலிருந்து வந்து எங்கள் மருத்துவமனையில் வேலை செய்யும் ஒரு நர்ஸ் ரெஜினாவுக்குச் சொன்னது. ஒரு குருவி. அதன் வாயிலிருந்த பட்டாணி ஒரு மரக்கட்டையின் பிளவுக்குள் விழுந்துவிடுகிறது. கட்டை கொடுக்க மறுக்கிறது. கட்டையைப் பிளக்கச் சொல்லித் தச்சனிடம் போகிறது குருவி, தச்சன் மறுக்கிறான். தச்சனை அதட்டச் சொல்லி ராஜாவிடம், ராஜாவைக் கடிக்கச் சொல்லிப் பாம்பிடம், பாம்பை அடிக்கச் சொல்லித் தடியிடம், தடியை எரிக்கச் சொல்லி நெருப்பிடம், நெருப்பை அணைக்கச் சொல்லித் தண்ணீரிடம், தண்ணீரைக் குடிக்கச் சொல்லி யானையிடம். எல்லாரும் மறுக்கிறார்கள். கடைசியில் எறும்பிடம் போய், யானையின் காதுக்குள் நுழைவாயா என்று கேட்கிறது. எறும்பு சரி என்கிறது. அவ்வளவுதான், யானை பயந்து தண்ணீரைக் குடிக்க ஓட, தண்ணீர் நெருப்பை அணைக்க ஓட, எல்லாம் சரசரவென்று பின்னோக்கி உருண்டு, பட்டாணி குருவிக்கு வந்து சேர்கிறது.

இந்தக் கதையின் ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. எங்கள் அலுவலகக் கோப்பு நகர்வதும் இதே வழியில்தான், எறும்புதான் கிடைப்பதில்லை.

வெள்ளிக்கிழமை முழுவதும் தயாரித்தேன். நாற்பது பக்க நோட்டில் மூன்று பத்தி போட்டேன்: பாத்திரம், குரல், சைகை. கட்டைக்கு வாயைத் திறக்காமல் வரும் முனகல். தச்சனுக்கு மூக்கு. ராஜாவுக்கு வயிற்றிலிருந்து. பாம்புக்கு சீறல், தடிக்கு ஒவ்வொரு சொல்லாக வெட்டி வெட்டி, நெருப்புக்கு மூச்சு வாங்கிக்கொண்டே வேகமாக, தண்ணீருக்கு வழவழவென்று, யானைக்கு அடித்தொண்டை. எறும்புக்குக் கீச்சுக் குரல். குளியலறையில் ஒத்திகை பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ரெஜினா நோட்டைப் படித்துவிட்டு சிலேட்டில் எழுதினாள்: "குரல் மூணு போதும். ஒன்பது வெச்சா உங்களுக்கே மறந்துடும். குழந்தைங்களுக்கு மறக்காது."

ஒன்பது பாத்திரத்துக்கு ஒன்பது குரல் இல்லாமல் எப்படி என்று கேட்டேன். அவள் வாதாடவில்லை. (சிலேட்டில் வாதாடுவது சிரமம். அந்த வாரம் நான் ஜெயித்த விவாதங்கள் எல்லாம் இப்படி ஜெயித்தவைதான்.)

குழந்தைகளும் பேச வேண்டும் என்று எழுதினாள். அதை நான் அட்டவணையிலேயே சேர்த்திருந்தேன். கட்டைக்கும் எறும்புக்கும் ஒவ்வொருவர், மற்ற பாத்திரங்களுக்கு மூன்று நான்கு குழந்தைகள். கழுத்தில் கம்பளி நூலில் அட்டை. குருவியாகிய நான் பாடுவேன்:

"குருவி வந்து நின்னுச்சு, கும்பிடு ஒண்ணு போட்டுச்சு. செய்வியா, செய்ய மாட்டியா?"

உடனே என் வலது கை மேலே போகும். அதுதான் அடையாளம். எல்லாக் குழந்தைகளும் கையைக் கட்டிக்கொண்டு, தலையை இரண்டு பக்கமும் ஆட்டி, "முடியாது! முடியாது! போ போ போ!" என்று கத்த வேண்டும். கடைசி மூன்று சொல்லுக்கும் கையால் விரட்ட வேண்டும்.

ரெஜினா இதற்குத் தலையாட்டினாள். பிறகு சிலேட்டில் ஒரே ஒரு வரி எழுதி, கீழே இரண்டு கோடு போட்டாள்: "எறும்பை மட்டும் நீங்களே வெச்சுக்கோங்க."

எட்டு அட்டை குழந்தைகளுக்கு, ஒன்பதாவது எனக்கு என்றால் அது பாரபட்சம் ஆகாதா? அவளிடம் சொல்லவில்லை. ஒன்பதாவது அட்டையையும் எழுதி, நூல் கோத்து வைத்தேன்.

சனிக்கிழமை மூன்று ஐம்பதுக்குக் குழந்தைகள் பாயில் வந்து உட்கார்ந்தார்கள். பதினெட்டுப் பேர்தான் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். மீதிப் பேர் அதற்கு முன்னால் நடந்த கன்னடக் கதைக்கு வந்து, பெற்றோர் இன்னும் வராததால் தங்கிவிட்டவர்கள். செயலாளர் ஓர் ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது, வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு ஃபைல். கன்னடக்காரர், கொள்ளேகாலில் வேலை பார்த்த காலத்தில் தமிழ் பழகியவர். நாலரை வரை இருந்துவிட்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உறவுக்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போக வேண்டும் என்றார்.

அட்டைகளைக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, கட்டையாக வேண்டிய பையனுக்குக் காய்ச்சல், வரவில்லை. என் அட்டவணையில் ஒரு கட்டம் காலி. காலிக் கட்டத்தை வைத்துக்கொண்டு என்னால் எதையும் தொடங்க முடியாது. (இது நோய் என்றால் நோய்தான்.) அறையைச் சுற்றிப் பார்த்தேன். சும்மா இருந்தவர் ஒருவர்தான்.

"சார், நீங்க கட்டையா இருக்கீங்களா?"

செயலாளர் என்னைப் பார்த்தார். "என்ன செய்யணும்ரீ?"

"ஒண்ணும் இல்ல சார். அசையாம உட்காந்திருக்கணும். கேட்டதுக்கெல்லாம் முடியாதுன்னு சொல்லணும்."

"அது நமக்கு வரும்" என்று சொல்லி, அட்டையை அவரே கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஒரு வறுத்த பட்டாணியை எடுத்து அவர் வலது கையில் வைத்து, விரல்களை மூடினேன்.

எறும்பு அட்டையை தியாவுக்குக் கொடுத்தேன். நான்கு வயது. கூட்டத்திலேயே சின்னவள் என்பதால் அளவு பொருத்தமாக இருந்தது. அவள் அம்மா என் காதில், தியா வீட்டுக்கு வெளியே யாரிடமும் பேச மாட்டாள், எட்டு மாதமாக வருகிறாள், இதுவரை ஒரு சொல் சொன்னதில்லை என்றார். பரவாயில்லை, எறும்புக்கு ஒரே ஒரு சொல்தான், அதையும் தலையாட்டினால் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

பிறகு நான் எழுதிக் கொண்டுவந்த விதிமுறைத் தாளைச் சுவரில் ஒட்டினேன். மூன்று விதி. ஒன்று, கை தூக்கினால்தான் பேச வேண்டும். இரண்டு, கதை முடியும்வரை யாரும் இடத்தை விட்டு எழக் கூடாது. மூன்று, பாத்திரம் சொல்வதே முடிவு. வேறு யாரும் மாற்ற முடியாது. மூன்றாவது விதியை எதற்கு எழுதினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மூன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியிருக்கலாம்.

ரெஜினா கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், புத்தகம் கொடுத்து வாங்கும் கவுண்டரில் உட்கார்ந்தாள். சனிக்கிழமை ஆறு மணிவரை அங்கே கூட்டம் இருக்கும். அவளால் எழ முடியாது.

கதை நன்றாகவே தொடங்கியது. இதை நான் டைரியிலும் குறித்திருக்கிறேன்: "4.00 – 4.12 நன்று." கட்டையிடம் குருவி போனபோது செயலாளர் வாயைத் திறக்காமல் அருமையாக முனகினார். குழந்தைகளுக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று. தச்சன், ராஜா, பாம்பு. ஒவ்வொருவர் மறுக்கும்போதும் சங்கிலியை முதலிலிருந்து சொல்வோம். மூன்றாவது தடவையிலேயே குழந்தைகள் எனக்கு முன்னால் போய்விட்டார்கள். நான் ஒரு சொல்லில் நிறுத்தினால் மிச்சத்தை அவர்கள் முடித்தார்கள். நிறுத்துவதற்காகவே நிறுத்தினேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. இதைப் போய் ரெஜினா பெரிய கலை என்கிறாளே என்று நினைத்தேன்.

தடியிடம் வந்தபோது குரல் குழம்பியது. வெட்டி வெட்டிப் பேச வேண்டிய தடி சீறிவிட்டது. முன் வரிசையிலிருந்து ஜோனா என்ற எட்டு வயதுப் பெண் கை தூக்கினாள்.

"அங்கிள், அது பாம்போட வாய்ஸ்."

மன்னிப்புக் கேட்டு மறுபடி பேசினேன்.

"இது ராஜா."

மூன்றாவது முயற்சியில் தச்சன் வந்தான். நோட்டைத் திறந்து பார்க்கக் கண்ணாடி வேண்டும். கண்ணாடியை, பின்னால் வரப்போகும் யானைக் குரலுக்காக முன்கூட்டியே கழற்றி எங்கேயோ வைத்திருந்தேன். (ஏன் யானைக் குரலுக்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்று கேட்காதீர்கள். யானை கண்ணாடி போடாது என்று அன்றைக்கு நியாயமாகப் பட்டது.) ஜோனாவே எனக்குத் தடியின் குரலைச் செய்து காட்டினாள். அவளுடையது நன்றாக இருந்தது. அதன் பிறகு குரல் மறக்கும்போதெல்லாம் அவளைப் பார்த்தேன், அவள் செய்து காட்டினாள். மிகுந்த பொறுமைசாலி.

யானையும் மறுத்த பிறகு சங்கிலி இவ்வளவு நீளமாகியிருந்தது:

"யானை தண்ணியைக் குடிக்காது, தண்ணி தீயை அணைக்காது, தீ தடியை எரிக்காது, தடி பாம்பை அடிக்காது, பாம்பு ராஜாவைக் கடிக்காது, ராஜா தச்சனை அதட்ட மாட்டார், தச்சன் கட்டையைப் பிளக்க மாட்டான், கட்டை பட்டாணி கொடுக்காது, குருவிக்குப் பசி தீராது!"

முப்பத்தொரு குழந்தைகள் ஒரே மூச்சில் சொன்னார்கள். கன்னடக் குழந்தைகளும் சொன்னார்கள். செயலாளர் ஃபைலில் ஏதோ இடது கையால் எழுதினார். என் மனம் நிறைந்திருந்தது. மணி நாலு முப்பத்தொன்று. எறும்பு, திரும்பும் பயணம், கைதட்டல். ஒன்பது நிமிடம் தாராளம்.

தியாவுக்கு முன்னால் போய்க் குனிந்தேன்.

"குருவி வந்து நின்னுச்சு, கும்பிடு ஒண்ணு போட்டுச்சு. யானை காதுக்குள்ள நீ போவியா, போக மாட்டியா?"

வலது கையைத் தூக்கினேன்.

தியா என்னை நேராகப் பார்த்தாள். கையைக் கட்டிக்கொண்டாள். தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். பிறகு, சின்னதாக ஆனால் மிகத் தெளிவாகச் சொன்னாள்:

"முடியாது. முடியாது. போ போ போ."

அடுத்த நொடி முப்பது குழந்தைகளும் அதையே கத்தினார்கள்.

எட்டுத் தடவை அதே பாட்டு, அதே கை, அதே பதில் என்று நானே அவளைப் பழக்கியிருக்கிறேன். ஒன்பதாவது தடவை மட்டும் வேறு பதில் எங்கிருந்து வரும்? ரெஜினா போட்ட இரண்டு கோடுகள் கண் முன்னால் வந்தன.

"இல்ல கண்ணு, எறும்பு நல்ல எறும்பு, போகும்ல?" என்று ஆரம்பித்தேன். பின்னாலிருந்து யாரோ என் சட்டையைப் பிடித்தார்கள். தியாவின் அம்மா. கண்ணெல்லாம் தண்ணீர்.

"பேசிட்டா சார். தயவுசெஞ்சு அவளைத் தப்புன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

சரி, சொல்லவில்லை. கதையையே கொஞ்சம் நகர்த்தலாம் என்று, "ஆனா கொஞ்ச நேரம் கழிச்சு எறும்பு மனசு மாறி..." என்றேன். ஜோனா சுவரைக் காட்டினாள். மூன்றாவது விதி. என் கையெழுத்து, அச்சு போல இருக்கும், யாரும் தவறாகப் படிக்க முடியாது.

வேறோர் எறும்பிடம் போகிறேன் என்றேன். எல்லாரும் எறும்பானார்கள். எல்லாரும் முடியாது என்றார்கள்.

அடுத்து நான் செய்ததை டைரியில் ஒரே சொல்லில் எழுதியிருக்கிறேன்: "நீட்டினேன்." எறும்பு மறுத்தால் எறும்பை மிரட்ட யாராவது வேண்டும். யார் என்று குழந்தைகளையே கேட்டேன். எறும்புப் பொடி என்றான் ஒருவன். குருவி எறும்புப் பொடியிடம் போயிற்று. வலது கை தானாகவே மேலே போயிற்று. (எட்டுத் தடவையில் எனக்கும் பழகிவிட்டிருந்தது.) பொடி முடியாது என்றது. பொடியைக் காற்றில் ஊத மின்விசிறியிடம் போனோம்; முடியாது. மின்விசிறியை நிறுத்த மின்வாரியத்திடம் போனோம். அவர்கள் மறுத்தபோது பிள்ளைகளை அழைத்துப்போக வந்து வெளியே நின்ற பெற்றோர்கள் எல்லாரும், நம்பும்படிதான் இருக்கிறது என்று தலையாட்டினார்கள். பிறகு ஓர் ஆட்டோக்காரர், பிறகு சர்க்கிளில் நிற்கும் போக்குவரத்துப் போலீஸ், பிறகு மாதேஸ்வரன் மலை பஸ்ஸின் கண்டக்டர். ஒவ்வொருவருக்கும் ஜோனா புதுக் குரல் கேட்டாள். என்னிடம் குரல் தீர்ந்துவிட்டது. கண்டக்டருக்கு என் சொந்தக் குரலையே கொடுத்தேன். அது பொருந்தவில்லை என்றாள்.

ஒவ்வொரு மறுப்புக்கும் சங்கிலியை முழுதாகச் சொல்ல வேண்டும். ஒரு கண்ணி விட்டாலும் முதலிலிருந்து. ஐந்து மணிக்கு ஒரு சுற்றுக்கே மூன்று நிமிடம் ஆயிற்று.

நாலரைக்குக் கிளம்ப வேண்டிய செயலாளர் ஐந்து ஐந்துக்கு மெதுவாக எழப் பார்த்தார். "கட்டை எழுந்துடுச்சு!" என்று ஒரு குரல். முப்பத்தொரு பேரும் இரண்டாவது விதியைக் காட்டினார்கள். அவர் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் அவர் கைபேசி அடித்தது. இடது கையால் எடுத்து, தாழ்ந்த குரலில் கன்னடத்தில் பேசினார். எனக்குக் கேட்டது. தான் இப்போது கட்டையாக இருப்பதாகவும், எறும்பு ஒத்துக்கொண்டதும் புறப்பட்டு வருவதாகவும் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். மறுமுனையில் வெகுநேரம் யாரோ பேசினார்கள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ரெஜினாவின் கதை நேரம் கணினி வகுப்பாக மாறுவதை நான் அவர் முகத்தில் பார்த்தேன்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ரெஜினா பலமுறை சிலேட்டை உயர்த்திக் காட்டினாள். மூக்குக் கண்ணாடி இல்லாமல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பாராட்டுகிறாள் என்று நினைத்துக் கட்டைவிரலைக் காட்டினேன். (அதில் "கை தூக்காதீங்க" என்று எழுதியிருந்ததாம். நான் கை தூக்கியதும் குழந்தைகள் இன்னொரு முறை முடியாது என்றார்கள்.)

கடைசியில், இந்த நூலகத்தின் செயலாளரிடம் போகலாம் என்றாள் ஜோனா. அவர்தான் எல்லாருக்கும் மேல். எனக்கும் அது ஒரு வழியாகப் பட்டது. பெரிய மனிதர், நிச்சயதார்த்தத்துக்கு நேரமாயிற்று, சரி என்று ஒரு சொல் சொன்னால் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். அவர் முன்னால் போய்க் கண்ணாலேயே கெஞ்சினேன். "எறும்புக்கு ஒரு உத்தரவு போடுவீங்களா, மாட்டீங்களா?"

அவர் கையைக் கட்டிக்கொண்டார். தலையை ஆட்டினார். அறுபது வயது மனிதர், என்னைப் பார்த்து, முழு மனதோடு, "போ போ போ" என்றார்.

கூரை அதிர்ந்தது. பாயில் உருண்டார்கள். நான் நாற்காலி ஓரத்தில் உட்கார்ந்தேன். தொண்டை எரிந்தது. யானையும் கட்டையும் தச்சனும் போய், என்னிடம் ஒரு கரகரப்பு மட்டும் மிச்சம் இருந்தது.

ஆறு மணிக்கு ரெஜினா கவுண்டரை மூடிவிட்டு உள்ளே வந்தாள்.

பாயின் நடுவில் போய் உட்கார்ந்து, இடது உள்ளங்கையில் வலது கையின் ஐந்து விரலாலும் தட்டினாள். அது எட்டு மாதமாக அவர்களுக்குள் இருக்கும் ஒரு பழக்கம், எனக்குத் தெரியாது. குழந்தைகளும் தட்டினார்கள். பெரிய மழை. பிறகு நான்கு விரல். மூன்று. இரண்டு. ஒரே ஒரு விரல், தூறல். பிறகு அதுவும் நின்றது. இரண்டு மணி நேரமாகக் கேட்காத கடிகாரச் சத்தம் கேட்டது.

ரெஜினா தியாவுக்கு எதிரே குனிந்து, டாக்டர் கூடாது என்று சொன்னதைச் செய்தாள். கிசுகிசுத்தாள். காற்று மட்டும் வரும் குரல். அதைக் கேட்க முப்பத்தொரு தலைகளும் முன்னால் சாய்ந்தன. செயலாளரின் தலையும்.

"எறும்பே, யானைக்கு ரெண்டு காது இருக்கு. முதல்ல எந்தக் காதுக்குள்ள போவே?"

கை தூக்கவில்லை. பாட்டு இல்லை. சும்மா காத்திருந்தாள்.

தியா யோசித்தாள். முடியாது என்று சொல்லும் இடமே அந்தக் கேள்வியில் இல்லை. கடைசியில் தன் இடது காதைத் தொட்டுக் காட்டி, "இது" என்றாள்.

"இது!" என்று யாரோ கத்தினார்கள். யானைகள் எழுந்து ஓடின. தண்ணீர் பாய்ந்தது, நெருப்பு பாயில் விழுந்து அணைந்தது, தடி பாம்பைத் துரத்த, பாம்பு ராஜாவின் காலைப் பிடிக்க, ராஜா தச்சர்களை அதட்ட, நான்கு தச்சர்கள் செயலாளரின் நாற்காலியைச் சூழ்ந்துகொண்டு கையால் அறுத்தார்கள். (கண்டக்டரையும் போலீஸையும் எல்லாரும் மறந்துவிட்டார்கள். அவர்கள் இன்னும் எங்கேயோ காத்திருக்கிறார்கள்.) பதினைந்து நொடிகூட ஆகவில்லை.

குருவியாகிய நான் கையை நீட்டினேன். செயலாளர் வலது கையை மெல்லத் திறந்தார்.

உள்ளே ஒன்றும் இல்லை.

அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். மடியைப் பார்த்தார். ஃபைலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அவர் முகம் மாறிய விதத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஜோனாவுக்கும் புரிந்துவிட்டது.

"கட்டையே தின்னுடுச்சு" என்றாள்.

"ரெண்டு மணி நேரம்மா" என்றார் செயலாளர். "நிச்சயதார்த்தத்துல சாப்பிடலாம்னு மத்தியானம் வீட்ல ஒண்ணும் சாப்பிடல. போன் பேசும்போது கை தானா போயிடுச்சு."

குழந்தைகள் சிரிக்கவில்லை. இவ்வளவு தூரம் வந்த குருவி பசியோடு நிற்கிறது. முப்பத்தொரு பேரும் அவரையே பார்த்தார்கள். நூலகத்தின் செயலாளரை யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். என் பையில் ஒரு பொட்டலம் பட்டாணி இருந்தது, எடுக்கப் போனேன். ரெஜினா என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தபடியே அவர் பக்கம் குனிந்து, அந்தக் காற்றுக் குரலில் கேட்டாள்:

"கட்டையே, பட்டாணி எப்போ கொடுப்பே? அடுத்த மாசம் கடைசி சனிக்கிழமையா, அதுக்கு அடுத்த மாசமா?"

செயலாளர் அவளைப் பார்த்தார். குழந்தைகளைப் பார்த்தார். ஃபைலை மூடினார்.

"அடுத்த மாசமே" என்றார். "கடைசி சனிக்கிழமை. கட்டாயம்."

"எழுதுங்க" என்றாள் ஜோனா. அவர் விதிமுறைத் தாளின் கீழே நான்காவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம் ஒரு பெரிய பை நிறைய வறுத்த பட்டாணியோடு வந்தார். அறக்கட்டளைக் கூட்டத்தில் கணினி வகுப்புக்கு வேறு நாள் பார்க்கச் சொல்லிவிட்டதாகவும், காரணம் கேட்டவர்களிடம் தான் வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னதாகவும் ரெஜினாவிடம் சொன்னார். யாருக்கு என்று அவர் அங்கே சொல்லவில்லையாம்.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. கிசுகிசுத்ததற்காக ரெஜினா கூடுதலாக ஒரு வாரம் மௌனமாக இருந்தாள். எனக்கு மூன்று நாள் குரல் இல்லை. வீட்டில் இரண்டு சிலேட்டு ஓடியது. தியாவுக்கு இப்போது எட்டு வயது. கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள், நான் இடது காதைத் தொட்டுக் காட்டிய பிறகுதான் சிரிப்பாள். அந்த வட்டாரத்துப் பெற்றோர்கள் சிலர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. குளிக்கப் போ, பாலைக் குடி, படுத்துத் தூங்கு என்று எதைச் சொன்னாலும் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டுகிறார்களாம்.

எங்கள் வீட்டில் நிலைமை அதைவிட மோசம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் நான் "இன்னொரு காபி கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டால் போதும், ரெஜினா ஓர் அறையிலிருந்தும் கல்லூரியிலிருந்து வந்திருக்கும் மகள் இன்னோர் அறையிலிருந்தும் ஒரே நேரத்தில் பதில் சொல்வார்கள். விரட்டும் சைகை சுவர் தாண்டித் தெரியாது, ஆனாலும் செய்வார்கள். நான் பாடம் கற்றுக்கொண்டேன். "காபி இப்பவா, அஞ்சு நிமிஷம் கழிச்சா?" என்று கேட்டால் கிடைக்கிறது. பெரும்பாலும் அஞ்சு நிமிஷம் கழித்து.

நேற்று இதை எழுதி முடித்து ரெஜினாவிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். யானைக் குரல் வரும் இடங்களில் யானைக் குரலிலேயே படித்தேன். அவள் கடைசிவரை சிரிக்காமல் கேட்டாள். நன்றாக வந்திருக்கிறது என்ற நிம்மதியில், யோசிக்காமல் கேட்டுவிட்டேன்:

"பத்திரிகைக்கு அனுப்பலாமா, வேண்டாமா?"

கேட்ட உடனே தவறு புரிந்தது. அதற்குள் அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.